ஆண்டு விழாத் தலைமையுரை: ஆறு நிமிடத்தில் பிள்ளைகளுக்கு எதைச் சொல்வது, எப்படிச் சொல்வது

ரொறன்ரோவில் ஓர் ஊர்ச் சங்கத்துக்கு இரண்டு தவணை தலைவராக இருந்தேன். என் முதல் ஆண்டு விழாத் தலைமையுரை 19 நிமிடம் போனது. இரண்டு வாரம் இருந்து எழுதிய உரை. நான் பேசி முடித்து மேடைக்குப் பின்னால் போனபோது, வரவேற்பு நடனத்துக்கு அடுத்ததாக ஆட இருந்த பிள்ளைகளில் ஒன்று சலங்கையோடு சுவரில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தது. யாருடைய வேரைப் பற்றி நான் உள்ளே முழங்கினேனோ, அந்தப் பிள்ளைக்கு ஒரு சொல்கூடக் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு செய்த உரைகளில் ஒன்றுதான் உருப்படியாக அமைந்தது என்று நினைக்கிறேன். அதை எப்படித் தயாரித்தேன் என்பதை வரிசையாகச் சொல்கிறேன். புதிதாகத் தலைவராகி, டிசம்பரிலோ ஜனவரியிலோ மேடை ஏறப் போகிறவர்களுக்கு இது உதவலாம்.

முதலில் நேரத்தைக் கையில் எடுங்கள்

உரையை எழுதத் தொடங்கும் முன் நிகழ்ச்சி நிரலைப் பாருங்கள். எங்கள் விழாக்களில் பொதுவாக மங்கல விளக்கு, கனடிய தேசிய கீதம், தமிழ்த்தாய் வாழ்த்து, அகவணக்கம், வரவேற்புரை, வரவேற்பு நடனம், அதற்கு அடுத்துத் தலைமையுரை வரும். இந்த இடம் மோசமில்லை. ஆனால் அடுத்த நடனத்துக்கான பிள்ளைகள் அந்த நேரத்தில் உடுப்பு மாற்றும் அறையில் இருப்பார்கள். ஆகவே நிகழ்ச்சிப் பொறுப்பாளரிடம் ஒன்று கேளுங்கள்: தலைமையுரைக்கு அடுத்த நிகழ்ச்சி, ஆயத்தம் குறைவான ஒன்றாக, சிறுவர் பாட்டு மாதிரி இருக்கட்டும். அந்தப் பிள்ளைகளை உரை நேரத்தில் சபையின் முன்வரிசையில் இருத்திவிடலாம். பேச்சில் எதை மாற்றினேனோ அதைவிட இந்த ஒரு மாற்றம் அதிகம் உதவியது.

நேரம் ஆறு நிமிடம். மேடையில் நிறுத்திப் பேசும்போது எனக்கு நிமிடத்துக்கு 90 தமிழ்ச் சொற்கள்தான் வருகின்றன. தமிழ்ச் சொற்கள் நீளமானவை, விகுதிகளைச் சேர்த்துக்கொண்டே போகும். ஆங்கிலத்தில் பேசிப் பழகியவர்கள் அதே கணக்கில் எழுதிக்கொண்டு வந்துவிட்டு மேடையில் திணறுவார்கள். ஆறு நிமிடத்துக்கு 540 சொற்கள். கைதட்டல், சிரிப்பு, மைக் சரிசெய்வது எல்லாம் கழித்தால் 450 சொற்களுக்கு மேல் எழுத வேண்டாம்.

அந்த 450-இல் விளிப்புகளுக்கு இடம் இல்லை. 'அவர்களே, அவர்களே' என்று 14 பேரை விளித்தால், ஒருவருக்கு எட்டு வினாடி என்றாலும் இரண்டு நிமிடம் போய்விடும். நாடாளுமன்ற உறுப்பினர், நகரசபை உறுப்பினர், வர்த்தக அனுசரணையாளர்கள் எல்லோரையும் வரவேற்புரையிலேயே பெயர் சொல்லி வரவேற்கச் செய்துவிடுங்கள். யாராவது மனம் கோணுவார்கள் என்ற பயம் எனக்கும் இருந்தது. அறிவிப்பாளரின் தாளைத் தலைவரே முன்கூட்டிப் பார்த்து, ஒரு பெயரும் விடுபடவில்லை என்று உறுதி செய்துவிட்டால் ஒருவரும் கோபிப்பதில்லை.

யாரோடு பேசுகிறீர்கள்

இங்கே பிறந்த பிள்ளைகளில் பெரும்பாலானோர் ஒரு குறிப்பிட்ட நிலையில் இருக்கிறார்கள்: கேட்டால் விளங்கும், கதைக்க வராது. அவர்களுக்கு விளங்குகிற தமிழ் அம்மம்மாவின் சமையலறைத் தமிழ். 'சாப்பிட்டியா', 'குளிருது', 'செருப்பைக் கழட்டு' எல்லாம் தெரியும். 'பண்பாட்டு விழுமியங்களைப் பேணிக் காத்தல்' என்றால் அவர்களுக்கு வெறும் சத்தம்தான். பிள்ளைகளுக்குத் தமிழே விளங்காது என்று நாங்கள் முடிவுகட்டுவது பல நேரம் இப்படித்தான். அவர்களுக்கு விளங்காதது மேடைத் தமிழ்.

அதனால் எழுதி முடித்த உரையில் பேனாவோடு உட்கார்ந்து மாற்ற வேண்டியவை இருக்கும். 'வினவினார்' என்று இருந்தால் 'கேட்டார்'. 'இல்லம்' என்றால் 'வீடு'. 'புலம்பெயர் தேசம்' என்றால் 'இங்கே'. இன்னொன்று, பிள்ளைகளைப் பற்றி அவர்களுக்கு முன்னாலேயே 'இந்த இளைய தலைமுறை' என்று படர்க்கையில் பேசுவது. முன்வரிசையில் இருக்கிற எட்டு வயதுப் பிள்ளையை 'இவர்கள்' என்று சுட்டினால், பேச்சு தனக்கில்லை என்று அது விளங்கிக்கொள்ளும். 'நீங்கள்' என்று முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். தமிழ் வராததைக் குத்திக்காட்டும் வரிகளை அடியோடு வெட்டுங்கள். தமிழ் வராத பிள்ளை தன் விருப்பத்தால் அப்படி ஆகவில்லை. அதைச் சனிக்கிழமை வகுப்புக்குக் கூட்டிப் போகாதவர்கள் நாங்கள்.

ஆங்கிலம் கலக்கலாமா? கலக்கலாம். ஆனால் ஒவ்வொரு பத்தியையும் தமிழில் சொல்லிவிட்டு ஆங்கிலத்தில் திரும்பச் சொல்ல வேண்டாம். ஆறு நிமிடம் மூன்றாகிவிடும். ஆங்கிலம் பின்னால் வரும் என்று தெரிந்ததும் பிள்ளைகள் தமிழைக் கேட்பதையும் விட்டுவிடுவார்கள். கதையின் திருப்பம் வரும் இடத்தில் மட்டும் நாலைந்து வரி ஆங்கிலத்தில் சொல்லுங்கள். தமிழ்ப் பெண்ணையோ ஆணையோ கட்டி, சபையில் உட்கார்ந்திருக்கும் வேறு இனத்து மருமகளுக்கும் மருமகனுக்கும் அது உதவும்.

ஒரு பொருளைத் தேடுங்கள்

மரபு என்பதை முழுதாகச் சொல்லப் போனால் சிலப்பதிகாரம், கல்லணை, ராஜராஜன், பரதம், யாழ்ப்பாண நூலகம் என்று பட்டியல்தான் வரும். பட்டியலைப் பிள்ளை வீட்டுக்குக் கொண்டுபோகாது. ஒரு பொருள் போதும். அதற்கு நான் வைத்திருக்கும் அளவுகோல் மூன்று: மேடையில் கையில் தூக்கிக் காட்டக்கூடியதாக இருக்க வேண்டும், அதன் தமிழ்ப் பெயர் பிள்ளைக்குத் தெரியாமலும் அம்மம்மாவுக்குத் தெரிந்தும் இருக்க வேண்டும், கடல் கடந்து போன கதை அதற்கு இருக்க வேண்டும்.

எனக்குக் கிடைத்தது உறி.

எகிப்தில், செங்கடல் கரையில், குசெய்ர் அல் காதிம் என்று ஓர் இடம் இருக்கிறது. ரோமர் காலத்தில் இந்தியாவோடு வணிகம் நடந்த துறைமுகம் அது. அங்கே நடந்த அகழாய்வுகளில் தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த பானை ஓடுகள் கிடைத்திருக்கின்றன. கண்ணன், சாதன் என்று ஆட்களின் பெயர் பொறித்தவை சில. பின்னால் கிடைத்த ஒரு பானைத் துண்டில் இருந்ததைக் கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன் 'பானை ஒறி' என்று வாசித்தார். அதாவது பானை உறி, கயிற்று உறியில் தொங்கவிடும் பானை. சுமார் 2000 ஆண்டு பழையது. அதே சொற்கள் பானையின் இரு பக்கமும் எழுதப்பட்டிருந்தன.

இதைப் படித்தபோது எனக்குப் பிடித்தது, அதில் பெருமைக்குரிய செய்தி எதுவும் இல்லை என்பதுதான். போர் வெற்றி இல்லை, கடவுள் வாழ்த்து இல்லை. யாரோ ஒருவர் தன் சட்டிபானையில் 'இது உறிப்பானை' என்று எழுதி வைத்திருக்கிறார். பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டுப் பெட்டியில் நாங்கள் பெயர் எழுதி விடுவது மாதிரி.

பிறகு உறிக்கு எங்கே போவது என்று தேடினேன். தேட வேண்டியதே இல்லை. இங்கே பூச்சாடியைத் தொங்கவிட மக்ரமே என்ற பெயரில் ஒரு கயிற்றுப் பின்னல் விற்கிறார்கள். அசல் உறி! டொலர் கடையிலேயே கிடைத்தது.

சரிபார்ப்பு

பிள்ளைகள் கையில் போன் இருக்கிறது. நீங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே தேடுவார்கள். நான் ஒருமுறை, ஆங்கிலத்தில் பணத்தைக் குறிக்கும் 'கேஷ்' எங்கள் 'காசு'தான் என்று மேடையில் சொன்னேன். இடைவேளையில் ஒரு பதினைந்து வயதுப் பிள்ளை போனோடு வந்தது. 'அங்கிள், அது பெட்டி என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது என்று அகராதியில் இருக்கிறது' என்றது. பார்த்தால் சரிதான். ஆசிய நாணயங்களைக் குறிக்கும் இன்னொரு 'கேஷ்' ஆங்கிலத்தில் உண்டு. காசிலிருந்து போர்த்துக்கேயர் வழியாகப் போனது அதுதான். இரண்டையும் நான் ஒன்றாக்கிவிட்டேன். அந்தப் பிள்ளை அன்று நான் சொன்ன மற்ற எதையும் நம்பியிருக்காது. கட்டுமரத்திலிருந்து வந்த 'கட்டமரான்', மிளகுதண்ணியிலிருந்து வந்த 'முல்லிகடானி', சுருட்டிலிருந்து வந்த 'செரூட்' ஆகியவற்றை எந்த அகராதியும் ஒத்துக்கொள்ளும். அவற்றோடு நின்றிருக்கலாம்.

உறிக் கதையிலும் எது தெரிந்தது, எது என் ஊகம் என்று இரண்டு நிறத்தில் கோடிட்டேன். பானை அங்கே கிடைத்தது, எழுத்து தமிழ் பிராமி, வாசிப்பு இது: இவை தெரிந்தவை. எழுதியவர் கப்பலில் வந்த வணிகரா, மாலுமியா, வீட்டை நினைத்து ஏங்கினாரா என்பதெல்லாம் ஊகம். ஊகத்தை விட வேண்டியதில்லை, 'இருக்கலாம்' என்று சொன்னால் போதும். உலகின் முதல் மொழி, இருபதாயிரம் ஆண்டுப் பழமை போன்ற வரிகள் கைதட்டல் வாங்கித் தரும். பெரிய பிள்ளைகளிடம் அவைதான் முதலில் அடிபடும்.

உரை

நான் பேசியதன் பெரும்பகுதி இது:

'பிள்ளைகளே, வணக்கம். என் கையில் இருப்பது என்ன? ஓம், பூச்சாடி தொங்கவிடுவது. கடையில் இதற்கு ஒரு பெயர் இருக்கு. ஆனால் இதற்குத் தமிழிலும் ஒரு பெயர் இருக்கு. உங்கள் ஒருவருக்கும் தெரியாது. பரவாயில்லை, தெரிந்த ஆட்கள் பின்னால் இருக்கிறார்கள். அம்மம்மாமாரே, அப்பம்மாமாரே, இது என்ன?'

இந்த இடத்தில் நிறுத்த வேண்டும். அவசரப்பட்டு நீங்களே பதில் சொல்லிவிடாதீர்கள். எங்கள் மண்டபத்தில் முதலில் இரண்டு குரல்தான் வந்தது. 'கேட்கவில்லை' என்றேன். பிறகு பின்வரிசை முழுதும் 'உறி!' என்றது. பிள்ளைகள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். விழாக்களில் பின்னால் சால்வை போர்த்திக்கொண்டு பேசாமல் இருந்துவிட்டுப் போகிறவர்கள் அவர்கள்.

'உறி. எல்லோரும் ஒருதரம் சொல்லுங்கள். அம்மம்மா சின்னப் பிள்ளையாக இருந்தபோது வீட்டில் பிரிட்ஜ் இல்லை. தயிர்ச்சட்டியை நிலத்தில் வைத்தால் பூனை வரும். எறும்பு வரும். அதனால் கூரையில் கயிறு கட்டித் தொங்கவிட்டார்கள். பூனைக்கு எட்டாது. உங்களுக்கும் எட்டாது.

இப்போது எகிப்துக்குப் போவோம். பிரமிட் இருக்கிற எகிப்து. அங்கே கடற்கரையில் ஒரு பழைய துறைமுகம். அங்கே மண்ணைத் தோண்டியவர்களுக்கு ஒரு உடைந்த பானை கிடைத்தது. அதில் ஏதோ எழுதியிருந்தது. எகிப்து எழுத்து இல்லை. எழுத்துகளைப் பற்றி நன்றாகத் தெரிந்த ஒருவர் இந்தியாவில் இருந்தார். அவரிடம் காட்டினார்கள். அவர் வாசித்தார். என்ன எழுதியிருந்தது தெரியுமா?'

இங்கேதான் ஆங்கிலத்துக்கு மாறினேன். ஐந்தே வரி: பானைக்கு 2000 வயது, எழுதியவர் அரசர் என்று நினைக்க ஒரு காரணமும் இல்லை, பெயர்கூடத் தெரியாது, சுற்றிலும் வேறு மொழி பேசுகிறவர்கள், அவர் எழுதியது நீங்கள் இப்போது கத்திய சொல். பிறகு தமிழுக்குத் திரும்பி:

'பானை உறி. அவ்வளவுதான். அவர் கப்பலில் வந்தவராக இருக்கலாம். உங்கள் தண்ணீர்ப் போத்தலில் அம்மா பெயர் எழுதி விடுகிறா இல்லையா, அந்த மாதிரி. இன்றைக்கு உங்களுக்கு ஒரு வேலை. அம்மம்மாவோ அப்பப்பாவோ ஊரில் இருந்தால் போனில் கேளுங்கள். இங்கே இருந்தால் நேரே கேளுங்கள். உங்கள் வீட்டு உறியில் என்ன தொங்கியது? பதிலைச் சனிக்கிழமை வகுப்புக்குக் கொண்டுவாருங்கள்.'

இதற்குப் பிறகு நன்றி சொல்லி இறங்கிவிட்டேன். ஆறரை நிமிடம் ஆனது.

எழுதும்போது விட்ட ஒன்றையும் சொல்ல வேண்டும். உறி என்றதும் கண்ணன் வெண்ணெய் திருடிய கதைதான் எவருக்கும் வாயில் வரும். பிள்ளைகளுக்குப் பிடிக்கும் கதையும்கூட. எங்கள் சங்கத்தில் கத்தோலிக்கக் குடும்பங்கள் கணிசமாக இருக்கின்றன. எல்லா வீட்டிலும் தொங்கிய உறியை ஒரு கோயிலுக்குள் கொண்டுபோய் வைக்க வேண்டாம் என்று தோன்றியது. உங்கள் சங்கம் வேறு மாதிரி என்றால் தாராளமாகச் சேர்க்கலாம்.

ஒத்திகை

கண்ணாடி முன் பேசிப் பார்ப்பதால் ஒன்றும் தெரியாது. சபையில் இருக்கப் போகிற வயதில் ஒரு பிள்ளையைப் பிடியுங்கள், உங்கள் பிள்ளையாக இல்லாமல் இருந்தால் நல்லது. உரையை வாசித்துக் காட்டிவிட்டு, நன்றாக இருக்கிறதா என்று கேட்காதீர்கள், 'ஓம்' என்றுதான் சொல்லும். 'நான் சொன்னதைத் திரும்பச் சொல்லு, இங்கிலீஷில் சொன்னாலும் சரி' என்று கேளுங்கள். எங்கே கதை அறுகிறதோ அங்கே உங்கள் வரியில் பிழை. என் முதல் வரைவில் தமிழ் பிராமியை விளக்கி ஒரு பத்தி இருந்தது. திரும்பச் சொன்ன பிள்ளை அதை அப்படியே தாண்டிப் போனது. நானும் வெட்டிவிட்டேன்.

தாளில் 18 புள்ளி எழுத்தில், ஒரு பக்கம் மட்டும் அச்சிடுங்கள். ஒரு கையில் பொருளும் மறு கையில் தாளும் இருக்கும், அதனால் மைக்கைத் தண்டில் வைக்கச் சொல்லுங்கள். பவர்பாயிண்ட் வேண்டாம். திரையில் படம் வந்தால் கையில் இருப்பதை யார் பார்ப்பார்கள்?

பெரிய பிள்ளைகளுக்கும், வலியான கதைக்கும்

உறி சிறியவர்களுக்குச் சரி. பதினைந்து, பதினாறு வயதினருக்கு, நாங்கள் ஏன் இங்கே வந்தோம் என்பதும் மரபுதான். 1983-ஐயும் போரையும் தலைமையுரையில் எப்படித் தொடுவது என்று பலர் கேட்டிருக்கிறார்கள். இறந்தவர்களுக்கான நேரம் அகவணக்கம். அதை அறிவிப்பாளர் ஒழுங்காக விளக்கினாலே பாதி வேலை முடிந்தது. உரையில் எடுப்பதானால் இங்கும் ஒரே நிகழ்ச்சியை எடுங்கள்.

கனடாவில் இருப்பவர்களுக்கு நான் சொல்வது 1986 ஆகஸ்ட். நியூபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் 155 தமிழர்கள் மிதந்துகொண்டிருந்தார்கள். கஸ் டால்டன் என்ற மீன்பிடிப் படகுத் தலைவர் அவர்களைக் கண்டார். அவரும் மற்ற மீனவர்களும் சேர்ந்து காப்பாற்றினார்கள். அந்த மனிதரின் மீன்பிடிப் படகு உங்கள் கதையின் பொருளாக இருக்கலாம்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. காப்பாற்றப்பட்டவர்கள் இந்தியாவிலிருந்து நேரே வந்ததாக முதலில் சொன்னார்கள்; உண்மையில் அவர்களைக் கொண்டுவந்த கப்பல் மேற்கு ஜேர்மனியிலிருந்து புறப்பட்டது. நாட்டில் அது பெரிய விவாதமானது. தேடுகிற பிள்ளைக்கு இது இரண்டாவது பக்கத்திலேயே கிடைக்கும். ஆகவே நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்ற பயத்தில் இருந்த ஆள் என்ன சொல்வார் என்றும் கேளுங்கள். பதினாறு வயதுக்காரர்கள் இதைச் சிறியவர்களைவிட நன்றாக யோசிப்பார்கள். மறைத்துவிட்டுப் பிடிபட்டால், என் 'கேஷ்' கதைதான் மறுபடியும்.

விழா ஜனவரியில் என்றால், தமிழ் மரபுத் திங்களைப் பற்றி நீங்கள் பேச வேண்டியதில்லை. ஒன்ராறியோ 2014-இலும் கனடிய நாடாளுமன்றம் 2016-இலும் ஜனவரியை அப்படி அங்கீகரித்தன. வருகிற ஒவ்வோர் அரசியல்வாதியும் அதைத்தான் சொல்லப் போகிறார்.

பிறகு

இடைவேளையில் உறியை ஒரு மேசையில் கட்டித் தொங்கவிட்டு, பக்கத்தில் இரண்டு அம்மம்மாமாரை உட்கார வைத்தோம். தாத்தா பாட்டி இல்லாத பிள்ளைகளும் போய்க் கேட்க வேண்டும் என்பதற்காக. உரை போய்ச் சேர்ந்ததா என்று அந்த மேசையைப் பார்த்தால் தெரியும். பெரியவர்கள் வந்து கைகொடுத்து 'அருமை' என்பதை வைத்துத் தெரியாது. முதல் ஆண்டின் 19 நிமிடத்துக்கும் எனக்கு நிறையக் கை கிடைத்தது.

அடுத்த சனிக்கிழமை வகுப்பு ஆசிரியை பதில்களைச் சேர்த்துக் கொடுத்தார். தயிர், நெய், வெண்ணெய் என்றுதான் பெரும்பாலும். ஒரு பையனின் அப்பப்பா வீட்டில் கருவாடாம். ஒரு சிறுமி கோணல் எழுத்தில் எழுதியிருந்தது: 'எங்கட அம்மம்மா வீட்டில் உறி இருந்தது. பூனைக்கு எட்டாது. அம்மப்பாவுக்கு எட்டும். அவர் எல்லாத் தயிரையும் சாப்பிட்டார்.'